பியூரெட் எந்தப் பதிவேட்டில்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வகப் பொறுப்பை ஏற்றேன். எனக்கு முன்பிருந்த ஆசிரியர் மாறுதலில் வெளியூர் போய்விட்டார். ஆய்வக உதவியாளர் இரண்டு தடித்த பதிவேடுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஆய்வகம் முழுவதும் என் பொறுப்பு.

பியூரெட் பக்கத்தைத் திருப்பினேன். வரவு 36, வழங்கியது 36, இருப்பு பூஜ்யம். அதாவது அந்தப் பள்ளியில் ஒரு பியூரெட்கூட இல்லை. அலமாரியைத் திறந்தால் மர ஸ்டாண்டுகளில் வரிசையாக நிற்கின்றன. எண்ணினேன், 29.

“என்ன அண்ணே இது?” என்று கேட்டேன்.

“வாங்கின அன்னைக்கே லேபுக்குக் கொடுத்துட்டோம் சார். அதான் இஷ்யூன்னு எழுதியிருக்காங்க. எப்பவும் அப்படித்தான் எழுதுவாங்க” என்றார்.

36-க்கு 29 போக மீதி ஏழு என்ன ஆயிற்று? உடைந்ததா, வேறு பள்ளிக்கு இரவல் போயிற்றா, வீட்டுக்குப் போயிற்றா? யாரையும் கேட்க வழியில்லை. பதிவேட்டின்படி எல்லாமே வாங்கிய அன்றே தீர்ந்துவிட்டன. யாரும் திருட்டுக் கணக்கு எழுதவில்லை. தவறு நடந்த இடம் வேறு. நுகர்பொருளுக்கு உரிய பதிவேட்டில் பியூரெட்டை எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். உப்பும் அமிலமும் வழங்கினால் தீர்ந்துபோகும். பியூரெட் வழங்கினால் மாலையில் கழுவித் திரும்ப வைக்கப்படும். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் ஏழு கருவிகள் சுவடில்லாமல் போயின.

பள்ளி ஆய்வகத்தில் மூன்று சொற்கள் அடிக்கடி காதில் விழும்: கன்ஸ்யூமபிள், ஃபிக்ஸட் அசெட், இன்வென்டரி. தமிழில் நுகர்பொருள், நிலைச் சொத்து, கையிருப்பு எனலாம். நிலைச் சொத்தைப் பழைய ஊழியர்கள் இன்றும் ‘டெட் ஸ்டாக்’ என்றே சொல்கிறார்கள். மூன்றும் மூன்று அலமாரிகள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் இரண்டும் பொருளின் இயல்பைச் சொல்பவை. மூன்றாவது, பொருள் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்வது. வழங்கப்படாமல் ஸ்டோரில் காத்திருக்கும் உப்புப் புட்டி, இயல்பால் நுகர்பொருள், நிலையால் கையிருப்பு. நாளை அதிலிருந்து 150 கிராம் எடுத்துக் கரைசல் தயாரித்தால் அந்த 150 கிராம் கையிருப்பிலிருந்து விலகிச் செலவாகிவிடும். ஆங்கிலத்தில் இன்வென்டரி என்ற சொல்லுக்குப் பொருட்பட்டியல் என்றும் பொருள் இருப்பதால் குழப்பம் கூடுகிறது. நிலைச் சொத்துகளின் பட்டியலையும் சிலர் இன்வென்டரி என்பார்கள். கணக்கில் அந்தச் சொல் வரும்போது, பயன்பாட்டுக்காகக் காத்திருக்கும் சரக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பிரிவினை ஆசிரியர்களின் வசதிக்காக ஏற்பட்டது அல்ல. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 211-ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. எந்திரம், கருவி, மரச்சாமான் போன்ற நிலைச் சொத்துகளுக்கு ஒரு படிவம். எழுதுபொருள், வேதிப்பொருள், பராமரிப்புக்கான உதிரி பாகங்கள் போன்ற நுகர்பொருள்களுக்கு வேறொரு படிவம். முதலாவது 22-ஆம் எண் படிவம், இரண்டாவது 23-ஆம் எண் படிவம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் மாநிலத்தின் நிதி விதித்தொகுப்பையும் துறை ஆணைகளையும் பின்பற்றுகின்றன. பதிவேட்டின் தலைப்பும் கட்டங்களும் மாறலாம், பிரிவினையின் அடிப்படை மாறுவதில்லை.

அந்த ஆண்டு ஜூன் மாதம் வந்த ஒரு பெட்டியை வைத்தே இதைச் சொல்கிறேன். பெட்டியில் மூன்று வகைப் பொருள்கள் இருந்தன. ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட், 500 கிராம் புட்டிகள் நான்கு. 50 மில்லிலிட்டர் பியூரெட்டுகள் 12. ஒரு மின்னணுத் தராசு. முதலாவதை ஆய்வகங்களில் மோர் உப்பு என்பார்கள். குடிக்கும் மோருக்கும் இதற்கும் தொடர்பில்லை, மோர் என்ற ஜெர்மானிய வேதியியலரின் பெயரால் வந்தது. பிளஸ் டூ மாணவர்கள் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலுக்குப் பயன்படுத்தும் இளம்பச்சை உப்பு.

பெட்டி வந்தவுடன் செய்ய வேண்டியது பதிவேட்டைத் திறப்பது அல்ல. பில்லையும் ஆர்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணுவது, புட்டிகளின் சீல் பார்ப்பது, பியூரெட்டின் முனை விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, தராசை இயக்கிப் பார்ப்பது. அதன் பிறகு பதிவு. பதிந்த பின் பில்லின் பின்புறத்தில், ‘பொருள்கள் நல்ல நிலையில் பெறப்பட்டு இருப்புப் பதிவேடு இன்ன பக்கத்தில் வரவு வைக்கப்பட்டன’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். தணிக்கையாளர் வந்தால் முதலில் பில்லின் முதுகைத்தான் திருப்பிப் பார்ப்பார். பக்க எண் இல்லாத பில், பொருள் வராமலே பணம் போன பில்லாக அவர் கண்ணுக்குத் தெரியும்.

ஒரே பில் என்பதால் மூன்று பொருளையும் ஒரே பக்கத்தில் எழுதிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. என் ஆய்வகத்தில் அந்தப் பில்லின் முதுகில் மூன்று பக்க எண்கள் இருந்தன.

முதலில் உப்பு. நுகர்பொருள் பதிவேட்டில் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ஒரு தனிப் பக்கம் வேண்டும். பக்கத்தின் தலையில் பெயரும் அலகும் எழுத வேண்டும். இந்த அலகு என்பது சிறிய விஷயமாகத் தோன்றும், பெரும்பாலான குளறுபடி இங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் வரவில் ‘4’ என்று புட்டிக் கணக்கில் எழுதுவார், இன்னொருவர் வழங்கலில் ‘150’ என்று கிராமில் எழுதுவார். ஆறு மாதம் கழித்து இருப்பு என்னவென்று எவராலும் சொல்ல முடியாது. திடப் பொருள் என்றால் கிராம், திரவம் என்றால் மில்லிலிட்டர், ஒரு பக்கத்துக்கு ஒரே அலகு என்று முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். அதன் கீழ் தேதி, பில் எண், முன்னிருப்பு, வரவு, வழங்கல், இருப்பு, யாருக்கு எதற்காக, கையொப்பம்.

எங்கள் பக்கத்தில் முன்னிருப்பு 350 கிராம். புதிதாக வந்தது 2,000. ஆக 2,350. ஜூலையில் முதல் தரம்பார்த்தல் வகுப்பு, 40 மாணவர்கள். இங்கே வேதியியலே கணக்குக்குத் துணை வருகிறது. 0.1 நார்மல் கரைசல் ஒரு லிட்டருக்கு 39.2 கிராம் மோர் உப்பு வேண்டும். ஒரு மாணவருக்கு 100 மில்லிலிட்டர் என்றால் 40 பேருக்கு 4 லிட்டர், அதாவது சுமார் 157 கிராம். நாங்கள் 160 எடுத்தோம். பதிவேட்டில்: வழங்கல் 160, இருப்பு 2,190, ‘12-ஆம் வகுப்பு அ பிரிவு, 40 மாணவர், தரம்பார்த்தல்’.

கடைசியில் இருக்கும் அந்தக் குறிப்புதான் பதிவேட்டுக்கு உயிர். அதில் மாணவர் எண்ணிக்கையும் சோதனையின் பெயரும் இருந்தால் எவரும் கணக்குப் போட்டு அந்த 160 சரியா என்று பார்த்துவிடலாம். வெறுமனே ‘லேபுக்கு’ என்று எழுதியிருந்தால் பார்க்க முடியாது. பெர்மாங்கனேட்டுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். 0.1 நார்மலுக்கு லிட்டருக்கு 3.16 கிராம் மட்டும் போதும். 40 மாணவருக்கு ஆறு லிட்டர் தயாரித்தாலும் 19 கிராம். 500 கிராம் புட்டி ஒன்று இருபத்தைந்து வகுப்புகளைத் தாண்டும். ஒரு பள்ளியின் பதிவேட்டில் மாதம் ஒரு புட்டி பெர்மாங்கனேட் தீர்ந்ததாக இருந்தால், பக்கத்தில் போய் நிற்காமலே தெரிந்துவிடும், யாரோ ஆண்டு முடிவில் உட்கார்ந்து இருப்பைப் பூஜ்யமாக்க எழுதிய கணக்கு அது.

அமிலங்களுக்கு இந்தப் பக்கம் வெறும் கணக்கு மட்டும் அல்ல, சட்டக் கடமையும் கூட. அமில வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் பிறப்பித்த ஆணை, அமிலம் வைத்திருக்கும் கல்வி நிறுவனங்களும் ஆய்வகங்களும் அதன் பயன்பாட்டுக்குப் பதிவேடு வைத்து உட்கோட்ட நடுவரிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. அமிலத்துக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும், ஆய்வகத்தை விட்டு வெளியேறுபவர்களைச் சோதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு குப்பி கந்தக அமிலம் எங்கே போயிற்று என்று தெரியாமல் இருப்பது என்ன விளைவைத் தரும் என்பதை அந்த வழக்கு நாட்டுக்குக் காட்டியது. ஆகவே மற்ற உப்புகளில் சோம்பல் வந்தாலும் அமிலப் பக்கத்தில் வரவே கூடாது.

இனி பியூரெட். இதுதான் இரண்டு பதிவேடுகளுக்கும் நடுவே தடுமாறும் பொருள். ஒரு வகுப்பில் தீர்ந்துபோவதில்லை, அதனால் நுகர்பொருள் அல்ல. ஆனால் கண்ணாடி, நாளையே உடையலாம். தராசைப் போல ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, உடைந்தால் மேலிடத்து ஆணை வாங்கிக் கழித்துக்கொண்டிருந்தால் ஆசிரியர் பாடம் நடத்த முடியாது. ஆய்வகங்கள் இதற்கு ஒரு நடைமுறை வழி கண்டிருக்கின்றன. ‘நான்-கன்ஸ்யூமபிள்’ என்ற பகுதியில் எண்ணிக்கையாக வரவு வைப்பார்கள். வழங்கல் என்ற கட்டமே அதில் கிடையாது. கழிவு என்ற கட்டம் மட்டும் உண்டு. அதற்குத் துணையாக ஓர் உடைவுப் பதிவேடு. பொருள் உடைந்தால் அன்றைக்கே தேதி, வகுப்பு, மாணவர் பெயர், எப்படி உடைந்தது என்று ஒரு வரி. ஆண்டு முடிவில் உடைவுப் பதிவேட்டின் மொத்தத்தைத் தலைமை ஆசிரியர் ஒப்புதலோடு பெரிய பதிவேட்டின் கழிவுக் கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை உடைந்த துண்டுகளை ஒரு மரப்பெட்டியில் போட்டு வைப்பது நல்லது. சரிபார்க்க வருபவர் அவற்றையும் எண்ணலாம்.

பூஜ்யமாக இருந்த அந்தப் பழைய பக்கத்தை நான் திருத்தவில்லை. பழைய பதிவைச் சுரண்டுவதும் வெள்ளை மை பூசுவதும் குற்றம் போலவே பார்க்கப்படும். புதிய பக்கம் தொடங்கி, ‘நேரில் எண்ணியதில் கண்டது 29’ என்று எழுதி, பழைய பக்கத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கினேன். ஜூனில் 12 சேர்ந்தன, 41. அந்த ஆண்டு ஐந்து உடைந்தன. இரண்டு, குழாய்த் தொட்டியில் கழுவும்போது. ஒன்று, ஸ்டாண்டில் இறுக்கமாகத் திருகியதால். மற்ற இரண்டும் தவறி விழுந்தவை. இவை தவிர முனை மட்டும் உடைந்தவை மூன்று. ரப்பர் குழாயும் கிளிப்பும் வைத்த வகையில் முனை தனித் துண்டு. அதை மட்டும் மாற்றினால் பியூரெட் பிழைத்துவிடும், எனவே அவற்றை உடைவில் சேர்க்கவில்லை. மாற்றிய கண்ணாடி முனைகளும் ரப்பர் குழாயும் உதிரி பாகங்கள், ஆகவே நுகர்பொருள் பதிவேட்டில் வழங்கல்.

ஆண்டு முடிவில் கணக்குப்படி 36 இருக்க வேண்டும். எண்ணினால் 35. ஒன்று காணவில்லை. தேடினோம், கிடைக்கவில்லை. ‘குறைவு 1, உடைவுப் பதிவேட்டில் இல்லை’ என்று அப்படியே எழுதினேன். உதவியாளருக்கு அது பிடிக்கவில்லை. “உடைஞ்சதுன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுபோச்சே சார்” என்றார். முடிந்துதான் போகும். ஆனால் அடுத்த ஆண்டு மூன்று காணாமல் போனால் அதையும் அப்படியே முடிக்க வேண்டியிருக்கும். உடைவும் தொலைவும் வேறு வேறு நோய்கள். உடைவு கூடினால் கழுவும் முறையையும் ஸ்டாண்டையும் பார்க்க வேண்டும். தொலைவு கூடினால் பூட்டையும் சாவியையும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் எதைப் பார்ப்பது என்றே தெரியாது.

சோதனைக் குழாய் எங்கே சேரும் என்று பலர் கேட்பார்கள். உப்புப் பகுப்பாய்வில் நேரடிச் சுடரில் காட்டிக் காட்டி அது உடைவது சகஜம், ஒரு வகுப்புக்கு நான்கைந்து போகும். என் கருத்தில் சோதனைக் குழாய், கண்ணாடிக் குச்சி, சொட்டுக் குழாய் மூன்றையும் நுகர்பொருளாகவே எழுதலாம். பியூரெட், பிப்பெட், அளவுக் குடுவை ஆகியவை அளவீட்டுக் கருவிகள், அவற்றை எண்ணிக்கைக் கணக்கில் வைப்பதே முறை. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு இருக்கலாம். ஆனால் போட்ட கோட்டைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்து ஆண்டுதோறும் மாற்றாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தராசு. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பல ஆண்டுகள் உழைக்கும், அடையாளம் காணத்தக்க தனிப் பொருள். நுகர்பொருள் பக்கம் ‘எவ்வளவு மீதி’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. நிலைச் சொத்துப் பக்கம் ‘எது, எங்கே, என்ன நிலையில்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எனவே கட்டங்களும் வேறு: தயாரிப்பாளர் பெயர், மாதிரி, வரிசை எண், கொள்ளளவும் நுண்மையும், வழங்கியவர், பில், விலை, வைத்திருக்கும் இடம், குறிப்பு. பொருளின் மேல் பள்ளியின் அடையாள எண்ணையும் பெயின்டால் எழுத வேண்டும். எங்களுடையது வேதியியல், தராசு, வரிசை 7. அதற்கு முன் ஆறு பழைய இரு தட்டுத் தராசுகள் இருந்தன.

‘மின்னணுத் தராசு 1’ என்று மட்டும் எழுதி நிறுத்துவது பரவலான தவறு. தராசோடு ஓர் அடாப்டரும் துல்லியம் பார்க்க ஓர் எடைக்கல்லும் வரும். எடைக்கல் தொலைந்தால் தராசு காட்டும் எண்ணை நம்ப முடியாது. இவற்றையும் அதே பக்கத்தில் துணைப் பொருளாக எழுதி வைத்தால்தான் பொறுப்பு மாறும்போது கேட்டு வாங்க முடியும். அடாப்டர் பழுதாகிப் புதிது வாங்கினால் அது புதிய சொத்து ஆகாது. அது பராமரிப்புச் செலவு. தராசின் பக்கத்தில் தேதியோடு ஒரு குறிப்புப் போதும். நுண்ணோக்கியின் விளக்கும் அப்படித்தான். நுண்ணோக்கி சொத்து, அதன் பல்பு நுகர்பொருள்.

பில்லே இல்லாமல் வரும் பொருள்களும் உண்டு. துறை நேரடியாக அனுப்பும் கருவிப் பெட்டி, முன்னாள் மாணவர்கள் தரும் நுண்ணோக்கி. பணம் கொடுக்காததால் கணக்கு வேண்டாம் என்று நினைத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். இலவசமாக வந்த பொருள்தான் எளிதில் காணாமல் போகிறது. துறையின் வழங்கல் சீட்டையோ நன்கொடைக் கடிதத்தையோ பில்லுக்குப் பதிலாக வைத்து, மதிப்பிட்ட விலையோடு அன்றே பதிய வேண்டும்.

அந்த ஆறு பழைய தராசுகளின் கதையும் இங்கே சேரும். தண்டைத் தாங்கும் கத்திமுனைகள் தேய்ந்து அவை பல ஆண்டுகளாகவே எடை பார்க்கப் பயன்படவில்லை. ஆனால் பதிவேட்டில் வாங்கிய விலையோடு உயிரோடு இருந்தன. கழிக்கப் பயந்து, யாரும் தொடவில்லை. அலமாரி முழுவதையும் அவை அடைத்துக்கொண்டதால் புதிய தராசு ஜன்னல் ஓரத்தில் காற்றில் நின்றது. பயன்படாத சொத்தைக் கழிப்பதற்கு முறை இருக்கிறது. பொருளின் பெயர், அடையாள எண், வாங்கிய ஆண்டு, விலை, ஏன் பயன்படாது என்ற காரணம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ஒரு குழு பார்வையிட்டுச் சான்று தந்து, அதிகாரம் உள்ளவரின் ஆணை பெற்று, ஏலத்தில் விற்றால் தொகையைச் செலுத்திவிட்டு, ஆணை எண்ணோடு பக்கத்தை முடிக்க வேண்டும். ஆணை வரும்வரை பொருளைத் தூக்கிப் போடக் கூடாது, பக்கத்தையும் அடிக்கக் கூடாது. எங்களுக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அலமாரி காலியானது.

அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகளில் இன்னொரு கணக்கும் சேரும், தேய்மானம். தராசின் விலை 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருமான வரிக் கணக்கில் கருவிகளுக்குப் பொதுவாகக் கொள்ளும் 15 விழுக்காட்டை ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பிலிருந்து கழித்தால் முதல் ஆண்டு முடிவில் 20,400, இரண்டாம் ஆண்டு முடிவில் 17,340. இது அலுவலகக் கணக்காளரின் பேரேட்டில் நடப்பது. ஆய்வகப் பதிவேட்டில் தராசு தராசாகவே நிற்கும். பேரேட்டில் மதிப்பு நூறு ரூபாய்க்கு இறங்கினாலும் பொருள் அலமாரியில் இருந்தாக வேண்டும். ‘மதிப்பு தீர்ந்துவிட்டது, இனிக் கணக்கு வேண்டாம்’ என்று சொன்ன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது கையிருப்புக்கு வருவோம். மார்ச் 31. மோர் உப்புப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் வழங்கியது 1,560 கிராம். 2,350-இல் கழித்தால் 790 இருக்க வேண்டும். ஸ்டோரில் சீல் உடைக்காத புட்டி ஒன்று, 500 கிராம். திறந்த புட்டி ஒன்று. அதில் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? கொட்டி எடை போடத் தேவையில்லை. புட்டியைத் திறக்கும் முன்பே மொத்த எடையைப் பார்த்து லேபிளில் எழுதி வைத்திருந்தோம், 572 கிராம். உப்பு 500 போக வெறும் புட்டி 72. மார்ச்சில் அதே புட்டி 337 காட்டியது. ஆக உள்ளே 265. மொத்தம் 765. கணக்குக்கும் கண்ணில் கண்டதற்கும் இடையே 25 கிராம் குறைவு.

1,560 கிராமைப் பத்து முறை எடுத்து எடை போட்டதில் 25 கிராம் குறைவது இயல்பே. காகிதத்தில் ஒட்டும், கரண்டியில் நிற்கும், கொஞ்சம் கூடுதலாக விழும். ‘சரிபார்ப்பில் குறைவு 25 கிராம், கையாளுதல் இழப்பு’ என்று எழுதி, இருப்பை 765 ஆக்கினோம். அதுவே 250 கிராம் என்றால் அந்தக் காரணம் செல்லாது, விசாரிக்க வேண்டும்.

சில பொருள்களில் எடை வேறு விதமாகவும் ஏமாற்றும். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சும். மூடி சரியில்லாத புட்டி கணக்கைவிடக் கூடுதல் எடை காட்டும். கூடுதல் என்று மகிழ வேண்டாம், உள்ளே இருப்பது இனித் தூய பொருள் அல்ல. அயோடின் திறந்திருந்தால் ஆவியாகிக் குறையும். மோர் உப்பே பச்சை மாறிப் பழுப்பேறினால் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. எடை சரியாக இருந்தும் தரம்பார்த்தலுக்கு உதவாது. ஆகவே இருப்புச் சரிபார்ப்பு என்பது எடை பார்ப்பதோடு முடியாது. பொருளையும் பார்க்க வேண்டும். பயனற்றதைக் கையிருப்பில் காட்டிக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டுக்கு வாங்காமல் விட்டுவிடுவோம், செய்முறைத் தேர்வு நாளில்தான் தெரியவரும்.

இந்த 765 கிராமுக்கு ரூபாய் மதிப்புப் போடுவதுதான் கணக்காளர் கேட்கும் கையிருப்பு. புட்டி 400 ரூபாய் என்று கொண்டால் கிராமுக்கு 80 காசு. ஆண்டுத் தொடக்கத்தில் 350 கிராம், 280 ரூபாய். வாங்கியது 1,600. மார்ச் 31-இல் மீதி 612. தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி இறுதி இருப்பைக் கழித்தால் 1,268 ரூபாய். அந்த ஆண்டின் உண்மையான செலவு இதுதான், 1,600 அல்ல. 1,268-ஐக் கிராமாக்கினால் 1,585 வரும், வழங்கிய 1,560-உம் குறைந்த 25-உம் சேர்ந்தது. உப்புப் பக்கமும் பணப் பக்கமும் ஒன்றையொன்று ஒப்புக்கொள்கின்றன. மீதி 612 ரூபாய் நடப்புச் சொத்தாக அடுத்த ஆண்டுக்குப் போகும்.

அரசுப் பள்ளியில் ரொக்க அடிப்படையில் கணக்கு என்பதால் 1,600-உம் வாங்கிய ஆண்டின் செலவாகவே எழுதப்பட்டுவிடும். பணக் கணக்கில் 765 கிராமுக்கு இடமே இல்லை. அதனால்தான் அங்கே அளவுக் கணக்கு இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த உப்பு பள்ளியில் இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு பக்கம் தவிர வேறு சாட்சி கிடையாது.

சரிபார்ப்பு ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும் என்பது விதி. நிலைச் சொத்துக்கும் உண்டு, நுகர்பொருளுக்கும் உண்டு. பொறுப்பாளர் முன்னிலையில்தான் நடத்த வேண்டும். ஆனால் எண்ணுபவர் அவராக இல்லாமல் இருப்பது நல்லது. எங்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வகத்தை வரலாற்று ஆசிரியர் எண்ணினார். பெயர் தெரியாததால் அவர் ஒவ்வொரு புட்டியையும் கையில் எடுத்து லேபிளை வாசித்துத்தான் எழுதினார். நாங்கள் பார்க்காமலே கடந்துபோயிருந்த, லேபிள் உரிந்த இரண்டு குப்பிகள் அவர் கையில்தான் அகப்பட்டன.

இந்த ஜூனில் ஆய்வகப் பொறுப்பு ஏற்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொறுப்புப் பட்டியலில் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். கண்ணாடிக் கருவிகளை எண்ணுங்கள், திறந்த புட்டிகளை எடை போடுங்கள், ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணையும் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். குறைவு இருந்தால் பட்டியலிலேயே எழுதி, அதன் பிறகு கையெழுத்திடுங்கள். கையெழுத்துக்குப் பின் கண்டுபிடிக்கும் குறைவு உங்கள் பெயரில்தான் நிற்கும்.